செமஸ்டர் பரீட்சை நேரத்தில் சுண்டல் கடைக்கு ஓர் ஆஃபர் போர்டு: மார்க் ஆசை காட்டாமல் எப்படி எழுதலாம்?

சுண்டல்கடை செல்வி

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரிக்கு எதிரே நானும் வீட்டுக்காரரும் தள்ளுவண்டிக் கடை வைத்திருக்கிறோம். கொண்டைக்கடலைச் சுண்டல், மசால் வடை, டீ, பன் பட்டர் ஜாம், எலுமிச்சை ஜூஸ், அவ்வளவுதான். நவம்பர், டிசம்பர் செமஸ்டர் பரீட்சை வருகிறது. சாதாரண நாளில் நாள் முழுக்க ஆள் வருவார்கள். பரீட்சை நாளில் அப்படி இல்லை. காலையில் கொஞ்ச நேரம், மதியம் ஒரு மணிக்குத் திபுதிபுவென்று ஒரு கூட்டம், அஞ்சு மணிக்கு ஒரு கூட்டம், நடுவில் ஈ ஓட்டவேண்டியதுதான். அதனால் ஓர் ஆஃபர் போட்டு, ஒரு போர்டும் எழுதி வைக்கலாம் என்று இருக்கிறோம்.

தெரிந்தவர்களிடம் கேட்டால் வருகிற வரியெல்லாம் இப்படி இருக்கிறது: "எங்கள் சுண்டல் சாப்பிட்டால் சென்டம் உறுதி", "அரியரை விரட்டும் வடை", "ஆல் கிளியர் காம்போ". எனக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. எங்களிடம் சாப்பிடுகிற பிள்ளைகளில் நிறைய பேருக்கு ஏதாவது ஒரு பேப்பர் நிற்கிறது. பரீட்சை முடிந்து கேட்டைத் தாண்டியதும் அவர்கள் கண்ணில் முதலில் படுவது எங்கள் போர்டுதான். ஆனால் கலகலப்பாகவும் இருக்க வேண்டும். "தேர்வுக்கால சலுகை" என்று மொட்டையாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆஃபராக நான் யோசித்தது: டீ 12, சுண்டல் 20, இரண்டும் சேர்ந்து 32. அதை 28க்குக் கொடுக்கலாமா? யோசனை சொல்லுங்கள்.

பாண்டி_ஆஃபர்

அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. வடை சாப்பிட்டா சென்டம் வரும்னு எந்தப் பையனும் நம்பப் போறதில்லை. அது விளையாட்டுன்னு எல்லாருக்கும் தெரியும், சட்டப்படியும் அப்பட்டமான மிகைப்படுத்தல் தப்பில்லை. இருந்தாலும் பயமா இருந்தா ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே பொடி எழுத்துல "மதிப்பெண்ணுக்கு நாங்கள் பொறுப்பல்ல"ன்னு எழுதிடுங்க. முடிஞ்சுது கதை.

இன்னொரு ஐடியா. ரிசல்ட் வந்ததும் 80க்கு மேல எடுத்தவங்களுக்கு வடை இலவசம்னு போடுங்க. என் மொபைல் கடையில பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு இப்படிப் போட்டேன், கூட்டம் அள்ளிச்சு.

மதுரை போர்டு மாமா

செல்வி அம்மா, கடைகளுக்குப் போர்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. முன்பு பிரஷ், இப்போது ஃபிளெக்ஸ். என் அனுபவத்தில் உங்கள் தயக்கம் சரியானது.

பாண்டி சொன்னதில் பாதி சரி. யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்ள முடியாத மிகையை யாரும் பொய் என்று பிடிப்பதில்லை. "இந்த வடையின் மொறுமொறு சத்தம் பிரின்சிபல் ரூம் வரை கேட்கும்" என்றால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். ஆனால் அந்தப் பொடி எழுத்து விஷயம் தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பரங்களுக்கு விதிமுறை வெளியிட்டது. மேலே தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டு, கீழே சின்ன எழுத்தில் அதைத் திருத்தக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. மேலே சொன்னதுதான் சொன்னது.

ஒரு தள்ளுவண்டியைத் தேடி டெல்லியிலிருந்து ஆள் வரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். நான் பார்ப்பது வேறு. ஒரு வரி எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். வடையைப் பற்றியா, பையனின் ரிசல்ட்டைப் பற்றியா? வடை, டீ, கியூ, பரீட்சை ஹால், மணி அடிப்பது, இதைப் பற்றியெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். ரிசல்ட் பக்கம் வரி நகர்ந்தால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். "ஆல் கிளியர் காம்போ" பார்வைக்குச் சாது. ஆனாலும் அது ரிசல்ட்டைத்தான் பேசுகிறது.

அடுத்த சோதனை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேப்பரைக் கோட்டைவிட்ட பையன் மதியம் ஒன்றே கால் மணிக்கு வெளியே வந்து அதே போர்டைப் படிக்கிறான். அவனுக்கு எப்படி இருக்கும்? அவனும் சிரித்தால் அது நல்ல வரி.

80க்கு மேல் எடுத்தால் இலவசம் என்பதும் வேண்டாம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வருவார்கள். ஒருவனுக்கு வடை சும்மா கிடைக்கும், மற்ற மூவரும் மார்க் ஷீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். அடுத்த நாள் அந்த நால்வரும் வேறு கடைக்குப் போவார்கள்.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

அக்கா, நான் ஃபைனல் இயர். எங்க யுனிவர்சிட்டி கொஸ்டின் பேப்பர் பேட்டர்னையே மெனுவா போடுங்க. பார்ட் ஏ பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணும் 2. பார்ட் பி அஞ்சு கேள்வி, ஒவ்வொண்ணும் 13, (அ) அல்லது (ஆ) சாய்ஸ் உண்டு. பார்ட் சி ஒரே கேள்வி, 15. இந்த 2, 13, 15 மூணும் எங்களுக்குத் தூக்கத்துலயும் வரும். போர்டுல இந்த மூணு நம்பர் இருந்தா பஸ்ல போறவன்கூட எட்டிப் பார்ப்பான்.

விலையே அதுதான்னு வெச்சா இன்னும் சூப்பர். 2 ரூபாய்க்கு ஒண்ணு, 13 ரூபாய்க்கு ஒண்ணு, 15 ரூபாய்க்கு ஒண்ணு.

மதுரை போர்டு மாமா

தம்பி, அருமையான யோசனை. போர்டில் மார்க் என்ற சொல்லே வராது, நம்பருக்கு முன்னால் ரூபாய்க் குறிதான் இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு மட்டும் அது கேள்வித்தாளாகத் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் விலைப் பட்டியல்.

செல்வி அம்மா, கட்டுப்படியாகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த 28 ரூபாய்க் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.

சுண்டல்கடை செல்வி

நேற்று ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். டீ ஒன்றுக்குப் பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 7 ரூபாய் ஆகிறது. ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். நூறு கிராம் தட்டாகப் போட்டால் இருபது தட்டு. கடலை, தேங்காய், மாங்காய், எண்ணெய், தொன்னை எல்லாம் சேர்த்துத் தட்டுக்கு 8 ரூபாய்.

ஆக இரண்டுக்கும் அடக்கம் 15. 32க்கு விற்றால் 17 நிற்கும். 28க்கு விற்றால் 13தான். இப்போது 60 ஜோடி விற்கிறது என்றால் 1020 ரூபாய் நிற்கிறது. அதே 1020 வர, 28 ரூபாயில் 79 ஜோடி விற்க வேண்டும். ஒரு மணிக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேர் கையால் 79 ஜோடி போட முடியாது. ஆள் வந்தாலும் கியூவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் 28 வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

தம்பி சொன்ன 2, 13, 15 பிடித்திருக்கிறது. ஆனால் 12 ரூபாய் டீயை 13 ஆக்கிவிட்டு அதை ஆஃபர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 20 ரூபாய்ச் சுண்டலை 13க்குக் கொடுத்தால் 12 நின்ற இடத்தில் 5தான் நிற்கும்.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

அக்கா, சின்னக் கப்பு போடுங்க. எக்ஸாம் போறதுக்கு முன்னாடி யாருக்கும் ஃபுல் பிளேட் இறங்காது. பாதி சாப்பிட்டுட்டுப் போட்டுட்டு ஓடுவாங்க. சின்னதா இருந்தா வாங்குவாங்க.

சுண்டல்கடை செல்வி

அது சரியாக வருகிறது தம்பி. 60 கிராம் கப்பு என்றால் அடக்கம் 5 ரூபாய். 13க்கு விற்றால் 8 நிற்கும். யாருக்கும் விலை ஏற்றிய மாதிரியும் ஆகாது, பெரிய தட்டு 20க்கே இருக்கும். 2 ரூபாய்க்குக் கடலை உருண்டை வைக்கலாம். கோவில்பட்டி எங்களுக்குப் பக்கம், மொத்தமாக வாங்கினால் கட்டுப்படியாகும். 15 ரூபாய்க்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். தனியாக வாங்கினால் டீ 12, பிஸ்கட் இரண்டும் 4. ஒரு ரூபாய்தான் குறைகிறது, ஆனால் சில்லறை தேட வேண்டாம், கையும் நிற்காது.

ஹேமா அம்மா, சேலம்

நான் ஒரு தாயாகச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஹாலில் உட்கார வேண்டிய பிள்ளைக்குக் காலையில் எண்ணெய் வடையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். என் மகன் இரண்டாவது செமஸ்டரில் இப்படித்தான் ரோட்டுக் கடையில் எதையோ சாப்பிட்டுவிட்டு, பாதியில் பாத்ரூமுக்கு அலைந்திருக்கிறான். முதலில் சுத்தம், அப்புறம்தான் போர்டு.

ஒரு யோசனையும் சொல்கிறேன். வல்லாரைக் கீரை போட்டு வடை சுடுங்கள். ஞாபகசக்திக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். "நினைவாற்றல் தரும் வல்லாரை வடை" என்று போட்டால் பெற்றவர்களே வாங்கிக் கொடுப்பார்கள். இதில் மார்க் என்ற பேச்சே இல்லையே.

சுண்டல்கடை செல்வி

அம்மா, சுத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. கேன் தண்ணீர்தான் வைக்கிறோம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றிதழையும் வண்டியில் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறோம். பரீட்சை நாள் காலையில் வடை போட வேண்டாம் என்று நானும் நினைத்தேன். பத்து மணி வரை டீ, பன், சின்னக் கப்புச் சுண்டல். வடைச் சட்டி பன்னிரண்டரைக்குத்தான் அடுப்பேறும்.

மதுரை போர்டு மாமா

வல்லாரை வடை தாராளமாகப் போடுங்கள், நல்ல ருசி. ஆனால் "நினைவாற்றல் தரும்" என்பது சென்டம் வரியின் தங்கச்சிதான் அம்மா. பரீட்சை வாசலில் நினைவாற்றல் என்று எழுதினால் படிப்பவர் மனசில் மார்க் என்றுதான் விழும். தவிர, உணவு இன்னின்ன பலன் தரும் என்று விளம்பரத்தில் சொல்வதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தனியாக விதிகள் போட்டிருக்கிறது. பலன் என்று சொன்னால் அதற்கு அறிவியல் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். பாட்டி சொன்னார் என்பது அங்கே செல்லாது. "வல்லாரை வடை, சட்டியிலிருந்து நேராக" என்று எழுதினால் போதும். வல்லாரை என்ற பெயரே வேண்டியதைச் சொல்லிவிடும்.

டியூஷன் சார், கோவை

நல்ல இழை. எங்கள் டியூஷன் சென்டருக்கும் இப்படி நாலு வரி கொடுங்களேன். நாங்கள் வழக்கமாக "100 சதவீதத் தேர்ச்சி உத்தரவாதம்" என்று போடுவோம். அதைவிடக் கவர்ச்சியாக வேண்டும். காம்போ ஆஃபர் கணக்கெல்லாம் எங்களுக்கு ஒத்துவராது.

மதுரை போர்டு மாமா

சார், இது சுண்டல் கடைப் பேச்சு. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தொழிலில் இது இன்னும் கண்டிப்பு. 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே தனி விதிமுறை வந்துவிட்டது. தேர்ச்சி உத்தரவாதம், மார்க் உத்தரவாதம் என்றெல்லாம் போடக் கூடாது. ஐம்பது மாணவருக்கு மேல் இருந்தால் உங்களுக்கும் அது பொருந்தும். முதலில் அந்தப் பழைய போர்டை இறக்குங்கள், புது வரி அப்புறம் பார்ப்போம். தனி இழை தொடங்கினால் அங்கே வருகிறேன்.

பாண்டி_ஆஃபர்

சரி மாமா, பொடி எழுத்தை விட்டுட்டேன். ஆனா போர்டு மட்டும் வெச்சா போதாது, கையில எதையாவது கொடுக்கணும். பழைய கொஸ்டின் பேப்பரை ஜெராக்ஸ் போட்டு, அதுலயே கூம்பு மாதிரி சுருட்டிச் சுண்டல் கொடுங்க. சாப்பிட்டுக்கிட்டே படிக்கலாம். அஞ்சு தடவை வாங்கினா ஆறாவது இலவசம்னு ஒரு கூப்பனும் கொடுங்க, பின்னாடி முக்கியமான ஃபார்முலா பிரிண்ட் பண்ணி. செமையா இருக்கும்.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

அண்ணே, அது மட்டும் வேண்டாம். எனக்கே நடந்த கதை இது. போன வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில இப்படித்தான் ஒரு ஆஃபர் கார்டு கொடுத்தாங்க, பின்பக்கம் முழுக்க கணக்கு ஃபார்முலா. நான் அதைச் சட்டைப் பையில வெச்சதையே மறந்துட்டேன். ஹால்ல ஸ்குவாட் வந்து பையைத் தட்டினாங்க, கார்டு வெளிய வந்துச்சு. அன்னைக்கு மேத்ஸ் பேப்பர் இல்லை, அதனாலதான் தப்பிச்சேன். ஆனா எழுந்து நிக்க வெச்சு, கடைப் பேரைப் படிச்சு, சூப்பரின்டெண்டன்ட்டைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. திரும்ப உட்கார்ந்தப்போ கை நடுங்கிச்சு, எழுதிக்கிட்டிருந்த டெரிவேஷன் பாதி மறந்துபோச்சு.

கண்காணிப்பாளர் மேசை

நான் ஒரு கல்லூரியில் பேராசிரியை. தேர்வு ஹாலில் மேற்பார்வைக்குப் போகிறவள். அந்த மாணவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அன்று கணக்குத் தேர்வாக இருந்திருந்தால் விஷயம் பெரிதாகியிருக்கும். அச்சடித்ததா, கையால் எழுதியதா, கடை கொடுத்ததா என்பதெல்லாம் அப்புறம். பாடம் சம்பந்தப்பட்ட காகிதம் மாணவரிடம் இருந்தது என்றால் நாங்கள் எழுதி அனுப்பியே ஆக வேண்டும்.

செல்வி, கூப்பன் வேண்டுமென்றால் அதில் பாடம் சம்பந்தமாக ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. இன்னும் நல்லது, கூப்பனே அவர்கள் கைக்குப் போகாமல் இருப்பது. கடையில் ஒரு நோட்டில் பெயரும் கோடும் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வித்தாள் மாதிரி போர்டு எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைப் பார்த்தால் சிரிப்போம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரையோ முத்திரையையோ கல்லூரியின் பெயரையோ அதில் போடாதீர்கள். "பிட்" என்ற சொல்லை வைத்து விளையாடவும் வேண்டாம். ஒரு கடை "சுடச்சுட பிட் கிடைக்கும்" என்று மிக்சருக்குப் போர்டு வைத்து, அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மாணவர்களிடம் நிர்வாகம் சொன்னது எனக்குத் தெரியும்.

மதுரை போர்டு மாமா

கூம்பு விஷயத்தில் இன்னொன்று. அச்சு மை பட்ட காகிதத்தில் சூடான, எண்ணெய் பட்ட பண்டத்தைக் கொடுக்கக் கூடாது. செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெராக்ஸும் அப்படித்தான். தொன்னையே அழகு.

செல்வி அம்மா, போர்டை இரண்டு பக்கமாகச் செய்யுங்கள். ஒரு பக்கம் பத்து மணிக்கு முன்னால், மறுபக்கம் ஒரு மணிக்குப் பின்னால். உள்ளே போகிறவனுக்குச் சொல்வதும் வெளியே வருகிறவனுக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது. உள்ளே போகிறவனுக்கு நேரம்தான் பிரச்சினை, அதனால் வேகத்தைச் சொல்லுங்கள். வெளியே வருகிறவனிடம் "பேப்பர் ஈஸியா?" என்று மட்டும் போர்டு கேட்கக் கூடாது. அதை அவனிடம் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

ஒரு மணிக்கு இன்னொரு சிக்கல் இருக்கு மாமா. காலை எக்ஸாம் பத்துலேர்ந்து ஒண்ணு, மதியம் ரெண்டுலேர்ந்து அஞ்சு. ஒரு மணிக்கு முடிச்சவனும் வருவான், ரெண்டு மணிக்கு எழுதப்போறவனும் அங்கதான் நிப்பான். ரெண்டு பேரும் ஒரே போர்டைத்தான் படிப்பாங்க.

சுண்டல்கடை செல்வி

ஆமாம், அந்த முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு முக்கியமே. வண்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். கேட்டைப் பார்த்த பக்கம் முடித்தவர்களுக்கு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்த பக்கம் எழுதப் போகிறவர்களுக்கு. போர்டைத் திருப்புவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டிவிடுகிறோம். அவசரத்தில் இருக்கிறவர்கள் பக்கத்தில் டீயும் கப்பும் தயாராக இருக்கும், அங்கே வீட்டுக்காரர் நிற்பார். வடைப் பக்கம் நான்.

பாண்டி_ஆஃபர்

ஆஃபர்னு ஒண்ணுமே இல்லையே அக்கா? சின்னக் கப்பு, ஒரு ரூபாய் குறைச்சல், அவ்வளவுதானா?

மதுரை போர்டு மாமா

விலையைக் குறைப்பதைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். பெரிய தட்டு வாங்குகிறவர்கள் கேட்டால் இன்னொரு கரண்டி சுண்டல். இருபத்தைந்து கிராம் என்று வைத்தால் 2 ரூபாய் அடக்கம். 4 ரூபாய் குறைப்பதைவிடப் பாதிச் செலவு. அதற்குப் பெயர் "அடிஷனல் ஷீட்". கையைத் தூக்கிக் கேட்டால்தான் கொடுப்போம் என்று போடுங்கள். ஹாலில் கேட்கிற மாதிரியே கையைத் தூக்கிக் கேட்பார்கள், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான், அவனும் தூக்குவான்.

கண்காணிப்பாளர் மேசை

இப்போது எங்கள் கல்லூரியில் தனியாக அடிஷனல் ஷீட் கொடுப்பதில்லை, தைத்த ஒரே விடைப் புத்தகம்தான். முதல் வருடப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புரியாமல் போகலாம்.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

புரியும் மேடம். ஸ்கூல்ல வாங்கிக் கட்டித்தானே எல்லாரும் வந்திருக்கோம்.

சுண்டல்கடை செல்வி

எல்லாம் சேர்த்து வீட்டுக்காரர் கையால் எழுதிப் பார்த்தது இது. எழுதப் போகிறவர்கள் பக்கம்:

உ
(விடைத்தாளில் போடக் கூடாது, எங்கள் போர்டில் போடலாம்)
நேரம்: 3 நிமிடம்
பகுதி அ: கடலை உருண்டை, ₹2. பத்தும் வாங்க வேண்டியதில்லை.
பகுதி ஆ: சின்னக் கப்புச் சுண்டல், ₹13. (அ) மாங்காயுடன் அல்லது (ஆ) மாங்காய் இல்லாமல்.
பகுதி இ: டீயும் இரண்டு பிஸ்கட்டும், ₹15. ஒரே கேள்வி, நன்றாக ஆற்றி அருந்துக.
ஹால் டிக்கெட், பேனா எடுத்தாச்சா? வண்டியில் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முடித்தவர்கள் பக்கம்:

மணி அடிச்சாச்சு. பேனாவைக் கீழே வை, வடையைக் கையில் எடு.
மசால் வடை ₹10. சுண்டல் பெரிய தட்டு ₹20.
அடிஷனல் ஷீட் உண்டு. கையைத் தூக்கிக் கேட்டால் ஒரு கரண்டி கூடுதல்.
இங்கே கேள்வி ஒன்றுதான்: சட்னி வேணுமா?

ஹேமா அம்மா, சேலம்

கடைசி வரி ரொம்பப் பிடித்திருக்கிறது. என் மகனிடம் காட்டினேன், சிரித்தான். ஹால் டிக்கெட் வரி பெற்றவர்கள் சொல்வது மாதிரியே இருக்கிறது. வல்லாரை வடையையும் சேருங்கள், பலன் எதுவும் எழுத வேண்டாம், சரி.

மதுரை போர்டு மாமா

அருமை. இரண்டு திருத்தம். "நேரம்: 3 நிமிடம்" என்பது வாக்குறுதி. மார்க்குக்கு நாம் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் இதற்குக் கொடுத்திருக்கிறோம். கூட்டத்தில் மூன்று நிமிடத்தில் கொடுக்க முடியுமா என்று முதல் நாளே பாருங்கள், முடியாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுங்கள். இரண்டாவது, தேதி எதுவும் எழுதாததை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் டிசம்பரில் மழை விடுமுறை விட்டால் பேப்பர் தள்ளிப்போகும். தேதி போட்ட ஃபிளெக்ஸ் வீணாகிவிடும். 2023 டிசம்பரில் சென்னையில் புயல், அதே மாதம் உங்கள் பக்கம் வெள்ளம், அப்போது எத்தனை பேப்பர் தள்ளிப்போனது! கரும்பலகையும் சாக்பீஸும் இதற்குப் போதும்.

சுண்டல்கடை செல்வி

மழைதான் எனக்கும் கவலை மாமா. கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டுவிடுவோம். கலெக்டர் விடுமுறை அறிவிப்பு சில நாள் விடிகாலையில்தான் வரும். ஊறிய கடலையைத் தண்ணீர் வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாளைக்கு முளைகட்டிய சுண்டலாகப் போடலாம், அதற்கு மேல் தாங்காது. அதனால் மழை அறிவிப்பு இருக்கிற ராத்திரிகளில் பாதிதான் ஊறப்போடுவோம். மதியம் தீர்ந்துபோனால் "பகுதி ஆ முடிந்தது" என்று எழுதிவிட வேண்டியதுதான்.

பாண்டி_ஆஃபர்

அக்கா, ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கோங்க, இதுல மார்க் வாக்குறுதியே கிடையாது. முட்டை போண்டா போட்டு, "முட்டை வாங்கணும்னா இங்க மட்டும் வாங்குங்க"ன்னு எழுதுங்க. கடை முழுக்கச் சிரிப்பாங்க.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

அண்ணே செம! இதை போட்டோ எடுத்து எல்லாரும் ஸ்டேட்டஸ் வெப்பாங்க.

கண்காணிப்பாளர் மேசை

வாக்குறுதி இல்லைதான். ஆனால் எழுதப் போகிற பக்கம் இருந்தால் அது பயத்தைக் கிளறும், முடித்த பக்கம் இருந்தால் குத்தும். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் ஹாலில் பார்க்கிறேன். எனக்குச் சம்மதமில்லை.

மதுரை போர்டு மாமா

எனக்கு இதில் இரண்டு மனசு. அந்த வரி "முட்டை வாங்காதே" என்று பையனுக்கு ஆதரவாகத்தான் பேசுகிறது. கடைசிப் பரீட்சை அன்று மட்டும் போட்டால் தாங்கும் என்று தோன்றுகிறது. ஆனால் மேடம் ஹாலில் பார்ப்பதை நான் பார்த்ததில்லை.

சுண்டல்கடை செல்வி

நாங்கள் முட்டை போடுவதே இல்லை, சைவக் கடை. அந்த வரிக்காக முட்டை வாங்க வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். இப்போதைக்கு வேண்டாம் பாண்டி.

எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் 13 ரூபாய்ச் சின்னக் கப்பை நிறுத்தினால் பிள்ளைகள் கோபப்படுவார்களா? தொடர்ந்தால் 20 ரூபாய்த் தட்டு வாங்குகிறவர்களும் சின்னதற்கு மாறிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தட்டுக்கு 12 நிற்கிறது, கப்புக்கு 8தான்.

கடைசிபெஞ்ச்_மெக்கானிக்கல்

சாயங்காலம் பசியில வர்றவன் சின்னக் கப்பு வாங்கமாட்டான் அக்கா, ரெண்டு கப்பா வாங்குவான். 26 ரூபா, உங்களுக்கு 16 நிக்கும்.

சுண்டல்கடை செல்வி

அப்படி வாங்கினால் நல்லதுதான் தம்பி. முதல் வாரம் கப்பு எத்தனை, தட்டு எத்தனை என்று நோட்டில் தனித்தனியாகக் கோடு போட்டு வைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.